பொருத்திய என்விஎம்இ எஸ்எஸ்டி கணினியில் தெரியாதது ஏன்?

புதிதாகப் பொருத்திய என்விஎம்இ எஸ்எஸ்டி கணினியில் தென்படவில்லை என்றால், டிரைவ் பழுது என்று உடனே முடிவுகட்டத் தேவையில்லை. ஸ்லாட்டில் முழுமையாக இறங்காதது, திருகு சரியாக அமையாதது, மதர்போர்டில் அந்த ஸ்லாட்டும் சாட்டா போர்ட்களும் ஒரே தரவுத் தடங்களைப் பகிர்ந்துகொள்வது ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் செலவில்லாமல் தீர்வு உண்டு.

முதலில் எங்கே தேடுவது?

சோதனையை விண்டோஸில் தொடங்கக் கூடாது. பயாஸ் திரையில் தொடங்க வேண்டும். அங்கே டிரைவின் பெயர் இருந்து, விண்டோஸின் ‘திஸ் பிசி’ பக்கத்தில் மட்டும் இல்லை என்றால், இணைப்பில் குறையில்லை. புது டிரைவில் இன்னும் பகிர்வு எதுவும் உருவாக்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். `diskmgmt.msc` என்று தட்டி டிஸ்க் மேலாண்மைக் கருவியைத் திறந்து, டிரைவை ஜிபிடி முறையில் தயார்செய்து, பகிர்வை உருவாக்கி ஃபார்மட் செய்தால் போதும். ஏற்கெனவே தரவு இருக்கும் பழைய டிரைவில் இதைச் செய்யக் கூடாது.

பயாஸிலேயே பெயர் இல்லை என்றால், கணினியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். எம்.2 ஸ்லாட்டில் மின்சாரம் ஓடும்போது டிரைவைக் கழற்றுவதோ மாட்டுவதோ கூடாது. கணினியை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரம் வடிந்த பிறகே கை வைக்க வேண்டும். மடிக்கணினி என்றால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும்.

ஸ்லாட்டில் முழுதாக இறங்கியதா?

எம்.2 இணைப்பியில் தொடர்முனைகளுக்கு இடையேயான தூரம் அரை மில்லிமீட்டர்தான். அதனால் டிரைவ் கொஞ்சம் வெளியே நின்றாலும், சற்றுக் கோணலாக நுழைந்தாலும் சில முனைகள் தொடாமல் போகும்.

டிரைவைப் படுக்கைவாட்டில் வைத்துத் தள்ளக் கூடாது. ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் பிடித்து, அதன் வெட்டு ஸ்லாட்டின் தடுப்போடு பொருந்துமாறு வைத்து, அதற்கு மேல் உள்ளே போகாது என்னும் வரை சீராகத் தள்ள வேண்டும். சரியாக இறங்கிய டிரைவில் தங்கநிற முனைகள் அநேகமாக முழுவதும் மறைந்துவிடும். கையை எடுத்ததும், ஸ்லாட்டின் வில்விசையால் டிரைவின் மறுமுனை மேலே எழும்பிச் சாய்வாக நிற்கும். எழும்பாமல் தானாகவே தட்டையாகக் கிடந்தால், அது முழுதாக உள்ளே போகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

முழுதாக இறங்காத டிரைவ் சில நேரம் தெரியவும் செய்யும், ஆனால் பாதி வேகத்தில் ஓடும். நான்கு தடங்களில் இரண்டு மட்டும் இணைந்திருந்தால் இப்படி ஆகும். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவசக் கருவியில் `PCIe 3.0 x2 | PCIe 3.0 x4` என்று காட்டினால், நான்கு தடம் கொண்ட டிரைவுக்கு இரண்டே கிடைத்திருக்கின்றன. ஸ்லாட்டே இரண்டு தடம் கொண்டதாக இல்லாவிட்டால், டிரைவைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.

சின்னத் திருகின் பெரிய வேலை

மேலே எழும்பும் முனையை அழுத்திப் பிடித்துவைப்பது ஒற்றைத் திருகு. அது நேரடியாக போர்டில் இறங்குவதில்லை. ஸ்டாண்டாஃப் எனப்படும் சிறிய உலோகத் தாங்கியின் மேல்தான் இறங்க வேண்டும். பரவலாக விற்கும் 2280 டிரைவ் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. எனவே தாங்கி 80 என்று குறித்த துளையில் இருக்க வேண்டும். போர்டிலேயே பொருத்தப்படாமல், தாங்கியும் திருகும் மதர்போர்டுப் பெட்டியில் தனிப் பையில் வருவதும் உண்டு.

தாங்கி இல்லாமல் திருகை முடுக்கினால் டிரைவ் கீழ்நோக்கி வளையும். ஸ்லாட் பக்கம் முனைகள் விலகும். தாங்கி குட்டையான டிரைவுக்குரிய துளையில் இருந்தால், 80 மில்லிமீட்டர் டிரைவின் வயிற்றுப்பகுதி அதன் மேல் ஏறி நிற்கும். அங்குள்ள பாகங்களை அது உரசவும் கூடும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. டிரைவின் நுனியிலுள்ள அரைவட்ட வெட்டு தாங்கியின் மையத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அது வெளியே தள்ளி நின்றால், குறை திருகில் இல்லை. டிரைவ் ஸ்லாட்டில் போதுமான ஆழம் போகவில்லை. அந்த நிலையில் திருகைப் பலவந்தமாக முடுக்குவதில் பயனில்லை. திருகு பிடித்து நின்றால் போதும், இறுக்கி முறுக்க வேண்டாம்.

சாட்டாவோடு பங்கு

இவ்வளவும் சரியாக இருந்தும் டிரைவ் தெரியவில்லை என்றால், அல்லது டிரைவ் தெரிந்து வேறொன்று காணாமல் போனால், லேன் எனப்படும் தரவுத் தடங்களைக் கவனிக்க வேண்டும். என்விஎம்இ டிரைவுக்குப் பொதுவாக நான்கு தடங்கள் தேவை. பிராசசரும் சிப்செட்டும் தரும் தடங்கள் ஓர் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அதனால் மதர்போர்டு தயாரிப்பாளர்கள் சில தடங்களை எம்.2 ஸ்லாட்டுக்கும் சாட்டா போர்ட்களுக்கும் பொதுவாக வைக்கிறார்கள். ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றது அணைந்துவிடும்.

ஏஎம்டி பி550 சிப்செட் கொண்ட பல போர்டுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் எம்.2 ஸ்லாட் பிராசசரிலிருந்து நேரடியாகத் தடங்களைப் பெறுகிறது. இரண்டாவது ஸ்லாட் சிப்செட்டைச் சார்ந்தது. அதில் டிரைவ் ஏறினால் ஐந்தாம், ஆறாம் சாட்டா போர்ட்கள் செயலிழக்கும் போர்டுகள் உண்டு.

அத்தகைய கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் ஸ்லாட்டில் விண்டோஸ் உள்ள டிரைவ். ஐந்தாம் சாட்டா போர்ட்டில் பழைய ஹார்டுடிஸ்க். இரண்டாம் ஸ்லாட்டில் புது என்விஎம்இ பொருத்தப்படுகிறது. பயாஸில் புது டிரைவ் இல்லை; ஹார்டுடிஸ்க் இருக்கிறது. திறந்து பார்த்தால், அரைவட்ட வெட்டு தாங்கியை விட்டு வெளியே நிற்கிறது. திருகின் தலை அதன் விளிம்பை மட்டும் பிடித்திருக்கிறது. கழற்றி, சாய்வாகத் தள்ளி மாட்டியதும் புது டிரைவ் தெரிகிறது. ஆனால் இப்போது ஹார்டுடிஸ்க்கைக் காணோம்! அது கெட்டுப்போகவில்லை, அதிலுள்ள தரவும் அழியவில்லை. அதன் கேபிளை ஐந்தாம் போர்ட்டிலிருந்து இரண்டாம் போர்ட்டுக்கு மாற்றினால் இரண்டும் வேலை செய்யும்.

எந்த ஸ்லாட் எந்தப் போர்ட்டை அணைக்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். கையேட்டில் ‘ஸ்டோரேஜ்’ பகுதியிலுள்ள அடிக்குறிப்பில் அது இருக்கும். சில போர்டுகளில் ஸ்லாட்டுக்கா சாட்டாவுக்கா முன்னுரிமை என்பதை பயாஸில் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே சாட்டா தேர்வாகியிருந்தால் என்விஎம்இ தெரியாது. சாட்டா வகை எம்.2 டிரைவுக்கு மட்டுமே இடம்தரும் ஸ்லாட்களும் உண்டு. அவற்றில் என்விஎம்இ எப்படிப் பொருத்தினாலும் இயங்காது.

பிராசசரும் காரணமாகலாம். இன்டெல் பி560, இசட்590 போர்டுகளில் பிராசசரை ஒட்டிய முதல் எம்.2 ஸ்லாட் பதினோராம் தலைமுறை பிராசசருடன்தான் இயங்கும். பத்தாம் தலைமுறை பிராசசரில் அந்த ஸ்லாட்டுக்கான தடங்களே இல்லை.

கடைசியாக ஒரு சோதனை: டிரைவை வேறொரு எம்.2 ஸ்லாட்டிலோ, என்விஎம்இ ஏற்கும் வேறு கணினியிலோ மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே தெரிந்தால் டிரைவ் நலமாக இருக்கிறது. பழைய ஸ்லாட்டையும் அதன் அமைப்பையும்தான் ஆராய வேண்டும். எங்கும் தெரியாத டிரைவை மட்டுமே கடைக்குத் திருப்பி எடுத்துச்செல்லலாம்.