இல்லாத நாட்டின் இரண்டு எழுத்துகள்

1991 டிசம்பர் 25 இரவு கிரெம்ளின் கம்பத்திலிருந்து சோவியத் கொடி இறக்கப்பட்டது. மறுநாள் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவை கூடி, சோவியத் ஒன்றியம் இனி இல்லை என்று தீர்மானம் போட்டது. இத்தனை முறையாக மூடப்பட்ட நாட்டுக்கு இணையத்தில் இன்னும் முகவரி இருக்கிறது. `.su` என்று முடியும் பெயரைப் பணம் கட்டினால் இப்போதும் புதிதாக வாங்கலாம். ஏற்கெனவே சுமார் ஒரு லட்சம் பெயர்கள் அதில் பதிவாகியுள்ளன.

இந்தியாவுக்கு `.in`, இலங்கைக்கு `.lk` என்பதுபோல ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு உண்டு. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் ஒரு பட்டியலிலிருந்து வருபவை அவை. எது நாடு, எது நாடல்ல என்ற வம்பில் மாட்டிக்கொள்ள இணையத்தின் முன்னோடிகளுக்கு விருப்பமில்லை. முகவரிகளைப் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பிலிருந்த அமெரிக்கர் ஜான் போஸ்டல், அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். பட்டியலில் இருந்தால் நாடு, கேள்வி முடிந்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் பட்டியலிலிருந்து ஒரு நாடு வெளியேறினால் முகவரியை என்ன செய்வது என்பதற்கு அப்போது விதி எதுவும் இல்லை.

`.su` பிறந்த நேரம் அப்படி. 1990 ஆகஸ்டில் மாஸ்கோவின் குர்ச்சாத்தோவ் அணு ஆய்வு நிறுவனத்தில் இருந்த கணினிக்காரர்கள், தொலைபேசி வழியாக மோடம் வைத்து ஹெல்சின்கி பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். செப்டம்பர் 19 அன்று `.su` பதிவானது. அதன் பிறகு நாடு இருந்தது பதினைந்தே மாதம். 1991 ஆகஸ்டில் கோர்பச்சேவுக்கு எதிராக ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, தொலைக்காட்சியில் பாலே நடனம் ஓடிக்கொண்டிருக்க, மாஸ்கோ தெருவில் நடப்பதை இந்தச் சிறிய வலைப்பின்னல்தான் வெளியுலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

ரஷ்யாவுக்கு `.ru` கிடைத்தது 1994 ஏப்ரலில். அதுவரை இரண்டாண்டுகளுக்கு மேல், இல்லாத நாட்டின் பெயரில்தான் எல்லோரும் மின்னஞ்சல் அனுப்பினார்கள். `.ru` வந்ததும் பழையதை மூடியிருக்கலாம். ஆனால் முகவரி வைத்திருந்தவர்கள் விட மறுத்தார்கள், நடத்தியவர்களும் மூடவில்லை. பட்டியல் வைத்திருப்பவர்களோ SU என்ற எழுத்துகளை நீக்கிய பிறகும், வேறு யாருக்கும் கொடுக்காமல் சிறப்பு ஒதுக்கீடாக வைத்தார்கள். அந்த ஒதுக்கீட்டைக் காட்டியே `.su`-வின் ஆதரவாளர்கள் வாதாடுகிறார்கள். 2011 இறுதியில் `.ru` பதிவு விதிகள் இறுகியபோது, குப்பை அஞ்சல் அனுப்புவோரும் கடவுச்சொல் திருடுவோரும் கணிசமாக `.su` பக்கம் நகர்ந்தார்கள். அறிமுகமில்லாத `.su` இணைப்பு வந்தால் அழுத்தாமல் இருப்பது நல்லது.

முகவரியாவது கண்ணுக்குத் தெரியும். ரஷ்ய வங்கிக் கணக்குக்குள் சோவியத் ஒன்றியம் ஒளிந்திருப்பது அந்தக் கணக்கு வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. நாடுகளுக்கு இரண்டெழுத்தோடு மூன்றிலக்க எண்ணும் உண்டு. இந்தியாவின் எண் 356. நம் ரூபாயின் குறியீடு INR. அதில் முதலிரண்டு எழுத்து நாடு, மூன்றாவது பணம். ரூபாயின் எண்ணும் அதே 356. இந்த முறைப்படி சோவியத் ஒன்றியத்தின் எண் 810, சோவியத் ரூபிள் SUR, அதன் எண்ணும் 810. ரஷ்யா தனி நாடானபோது அதற்குக் கிடைத்த எண் 643. ஆனால் ரூபிள் மட்டும் RUR என்று எழுத்தை மாற்றிக்கொண்டு 810-ஐயே வைத்துக்கொண்டது. விலைவாசி ஏறி ஏறி, 1998 ஜனவரி 1 அன்று ரஷ்யா மூன்று பூஜ்யங்களை வெட்டியது. ஆயிரம் பழைய ரூபிளுக்கு ஒரு புதிய ரூபிள். அப்போதுதான் RUB என்ற பெயரும் 643 என்ற எண்ணும் வந்தன.

ரஷ்ய வங்கிக் கணக்கு எண்ணுக்கு 20 இலக்கங்கள். தனிநபர் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால் தொடக்கம் இப்படி இருக்கும்:

```
40817 810 ...
```

முதல் ஐந்து இலக்கம் கணக்கின் வகை. அடுத்த மூன்று, பணம் எந்த நாட்டுடையது என்பது. டாலர் கணக்கானால் அங்கே 840 இருக்கும். ரூபிள் கணக்கில் 643 இருக்க வேண்டிய இடத்தில் 810 நிற்கிறது. அதற்கு அடுத்த ஒற்றை இலக்கம் சரிபார்ப்பு எண். மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்கிட்டு வருவது அது. ஆகவே 810-ஐ 643 ஆக்கினால் சரிபார்ப்பு எண்ணும் மாற வேண்டும். கோடிக்கணக்கான கணக்கு எண்களைப் புதிதாக எழுத வேண்டும், சம்பளப் பட்டியல், ஒப்பந்தம், ஓய்வூதிய ஆவணம் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். வெளிநாட்டுக்குச் சொல்லும்போது 643, வீட்டுக்குள் 810 என்று விட்டுவிட்டார்கள். சோவியத் மீதான பாசம் என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்குப் பார்த்தால் இது வெறும் செலவுக் கணக்கு.

உலோகமும் காகிதமும் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதில்லை. கிழக்கு ஜெர்மனி 1990 அக்டோபர் 3 அன்று மறைந்தது. ஆனால் சில்லறைத் தட்டுப்பாட்டால் அந்நாட்டின் பெயர் பொறித்த அலுமினியக் காசுகள் 1991 ஜூலை 1 வரை செல்லுபடியாயின. ஒன்பது மாதம், இல்லாத நாட்டின் காசில் மக்கள் ரொட்டி வாங்கினார்கள். பிறகு ஒரு தேதி குறித்து, முடித்துவிட்டார்கள். உக்ரைனில் சோவியத் தபால்தலைகளை வீணாக்காமல், மேலே திரிசூலச் சின்னத்தை அச்சடித்துப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட தலைகளில் இறந்த நாட்டின் பெயரும் பிறந்த நாட்டின் சின்னமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். சேகரிப்போர் விரும்பும் பொருள். கூடவே போலிகளும் ஏராளம், ஏனென்றால் தேவை ஒரு ரப்பர் முத்திரை மட்டுமே.

யுகோஸ்லாவியாவின் `.yu` கதை வேறு. நாடு உடைந்தபோது அந்த முகவரி ஸ்லோவேனிய ஆய்வாளர்களின் கையில் இருந்தது. அவர்கள் பிரிந்து தனி நாடாகி, `.si` வாங்கிய பிறகும் `.yu`-வை விடவில்லை. 1994-ல் போஸ்டல் தலையிட்டு அதை பெல்கிரேடு பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார். செர்பியாவும் மாண்டினீக்ரோவும் 2006-ல் பிரிந்து `.rs`, `.me` என்று தனித்தனியே பெற்றன. `.yu`-வுக்கு அவகாசம் கொடுத்து, அதையும் ஒருமுறை நீட்டி, 2010 மார்ச் 30 அன்று அழித்தார்கள். புதிய பெயருக்கு மாறாதவர்களின் பக்கங்கள் அன்றோடு போயின. பழைய செய்திகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிக்குறிப்பாகக் கொடுத்திருந்த இணைப்புகள் எங்கும் போகாத வழிகளாயின.

இடையில் ஒரு கோளாறும் நடந்தது. 2003-ல் யுகோஸ்லாவியா தன் பெயரை ‘செர்பியா-மாண்டினீக்ரோ’ என்று மாற்றியபோது, அதற்கு CS என்ற எழுத்துகளைக் கொடுத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன்புதான் செக்கோஸ்லோவாக்கியா அதே CS-ஐ விட்டுச் சென்றிருந்தது. 1990-ல் பதிவான ஆவணமொன்றில் CS இருந்தால் அது பிராகா, பெல்கிரேடா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நூலகங்களும் புள்ளிவிவரத் துறையினரும் இணையப் பொறியாளர்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். CS வெறும் மூன்றாண்டுதான் அந்நாட்டிடம் இருந்தது, `.cs` முகவரியாகத் திரும்பி வரவேயில்லை. அதன் பிறகு, கைவிடப்பட்ட எழுத்துகளைக் குறைந்தது 50 ஆண்டுகளுக்கு வேறு நாட்டுக்குத் தரக்கூடாது என்று விதி செய்தார்கள். முன்பு அது 5 ஆண்டாக இருந்தது.

முகவரிகளுக்கும் 2022-ல் விதி வந்தது. பட்டியலிலிருந்து எழுத்துகள் நீக்கப்பட்டால் ஐந்தாண்டு அவகாசம், கேட்டால் அதிகபட்சம் பத்தாண்டு வரை. இதை இப்போது மென்பொருள் நிறுவனங்கள் கவனமாகப் படிக்கின்றன. காரணம் `.io`. கணினிக்காரர்களுக்குப் பிடித்துப்போன இந்த எழுத்துகள் இந்தியப் பெருங்கடல் பிரிட்டிஷ் பிரதேசத்துக்கு உரியவை. அதாவது சாகோஸ் தீவுகள். அவற்றை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது. ஒப்படைப்பு நிறைவேறி, அதன்பின் IO பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால், ஐந்தாண்டு கணக்கு அன்று தொடங்கும்.