தப்பான விடையால் எவ்வளவு மார்க் போகிறது?

நீட் தேர்வு அறைக்குள் போகும் பிள்ளைக்கு வாசலில் நிற்கும் பெற்றோர் சொல்லும் கடைசி வார்த்தை பெரும்பாலும் இதுதான்: “தெரியலைன்னா விட்டுடு, நெகட்டிவ் வந்துடும்.” அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்த அறிவுரை பல பிள்ளைகளின் மார்க்கைக் குறைத்துவிடும்.

நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 மார்க் கிடைக்கும். தப்பான விடைக்கு 1 மார்க் கழியும். விட்டுவிட்டால் பூஜ்யம்.

ஒரு மாணவி மாக் டெஸ்ட் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 160 கேள்விகளுக்கு விடை குறித்ததில் 110 சரி, 50 தப்பு. மீதி 20 கேள்விகளை விட்டுவிட்டாள். சரியானவற்றுக்கு 440 மார்க்; அதில் 50 கழித்தால் கையில் 390. தப்பான விடையால் அவள் இழந்தது எத்தனை சதவீதம்? மொத்த 720-க்கு அந்த 50 என்பது கிட்டத்தட்ட 7 சதவீதம். அவள் சம்பாதித்த 440-ஐ வைத்துப் பார்த்தால் 11 சதவீதத்துக்கு மேல். சிலர் ஒரு தப்புக்கு 5 மார்க் நஷ்டம், ஆக 250 போச்சு, 35 சதவீதம் என்று பிள்ளையைப் பயமுறுத்துவார்கள். அதில் 200 மார்க் விடை தெரியாததால் போனது. அந்தக் கேள்விகளை விட்டிருந்தாலும் வந்திருக்காது. நெகட்டிவ் பறித்தது 50 மட்டுமே. சம்பாதித்ததில் எவ்வளவு கைநழுவியது என்று காட்டும் அந்த 11 சதவீதத்தைத்தான் ஒவ்வொரு மாக் டெஸ்ட்டுக்குப் பிறகும் குறித்து வைக்க வேண்டும் என்பேன்.

ஆனால் அந்த 50 மார்க் எங்கே போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. விடை குறிக்கும்போதே கேள்வித்தாளின் ஓரத்தில் அவள் அடையாளம் போட்டிருந்தாள். உறுதியாகத் தெரிந்ததற்கு டிக், இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறியதற்குக் கேள்விக்குறி, ஒன்றுமே புரியாமல் குருட்டாம்போக்கில் குறித்ததற்குப் பெருக்கல் குறி. தேர்வு முடிந்து எண்ணிப் பார்க்கிறாள். டிக் போட்ட 90-இல் 82 சரி, 8 தப்பு. நிகரமாக 320 மார்க். கேள்விக்குறி போட்ட 45-இல் 25 சரி, 20 தப்பு. 100 வந்து 20 போனதால் 80 மார்க் லாபம். பெருக்கல் குறி போட்ட 25-இல் 3 மட்டுமே சரி, 22 தப்பு. 12 வந்து 22 போனதால் 10 மார்க் நஷ்டம்.

பயந்துபோய் அந்த 45 கேள்விகளையும் விட்டிருந்தால் 390 என்பது 310 ஆகியிருக்கும். இருபது தப்பு செய்த பகுதியே அவளுக்கு 80 மார்க் கொடுத்திருக்கிறது!

காரணம் எளிது. 4-க்கு 1 என்ற முறையில் ஐந்தில் ஒன்று சரியாக இருந்தாலே வரவும் கழிவும் சமமாகிவிடும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் சராசரியாக நான்கில் ஒன்று சரியாகும்; சிறு லாபம்தான். இரண்டைத் தள்ளிவிட முடிந்தால் கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மார்க் வரவு.

அப்படியானால் பெருக்கல் குறியில் ஏன் நஷ்டம்? கேள்வி தயாரிப்பவர் அரைகுறையாகப் படித்தவர் எந்த விடையில் விழுவார் என்று யோசித்தே தப்பான விடைகளை வைக்கிறார். இயற்பியலில் அலகை மாற்ற மறந்தால் வரும் எண் அப்படியே ஒரு விடையாக நிற்கும். ‘எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே’ என்று குறிப்பவர் அதில் சிக்குவார். ஒரே ஒரு தேர்வில் 25-க்கு 3 என்பது தற்செயலாகவும் இருக்கலாம். நான்கைந்து மாக் டெஸ்ட் கணக்கைச் சேர்த்துப் பார்த்த பிறகும் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால், அந்த வகைக் கேள்விகளை விட்டுவிடுவதே நல்லது. 180 நிமிடத்தில் அவற்றுக்குச் செலவாகும் நேரமும் மிச்சமாகும்.

டிக் போட்டும் தப்பான அந்த எட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ‘தவறானது எது’ என்பதை ‘சரியானது எது’ என்று படித்திருக்கலாம். ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அடுத்த கேள்வியின் விடையை ஓ.எம்.ஆர். தாளில் விட்ட கேள்வியின் வட்டத்திலேயே நிரப்பியிருக்கலாம். தெரிந்த விடைக்கும் மார்க் போவது இங்கேதான்.

இதே கணக்கை எல்லாத் தேர்வுக்கும் எடுத்துப் போகக் கூடாது. யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அங்கே நான்கில் ஒன்று சரியானால்தான் வரவும் கழிவும் சமம்; குருட்டாம்போக்கில் குறிப்பதால் சராசரியாக ஒரு லாபமும் இல்லை.

அடுத்த முறை மாக் டெஸ்ட் எழுதிவிட்டு வரும் பிள்ளையிடம் எத்தனை தப்பு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த மூன்று அடையாளங்களில் எதில் எத்தனை தப்பு என்று கேளுங்கள்.