பேராசிரியைக்கு எழுதும் முதல் மடல்

பட்டப்படிப்பை முடித்துவிட்டு, முதுதத்துவமாணி, கலாநிதி என்று மேலே படிக்க எண்ணும் பெண் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் பலர் உள்ளனர். பெறுபேறு நன்றாக இருந்தால் போதும், படிவத்தை நிரப்பி அனுப்பிவிடலாம் என்றே பெற்றோரும் பிள்ளைகளும் நினைக்கின்றனர். ஆய்வுப் பட்டத்தின் வழி அதுவல்ல. ஆஸ்திரேலியா, பிரித்தானியா போன்ற நாடுகளின் பல பல்கலைக்கழகங்களில், மேற்பார்வை செய்ய இணங்கும் ஒருவரை விண்ணப்பதாரியே முதலில் தேடிக்கொள்ள வேண்டும். அந்தத் தேடல் ஒரு மின்னஞ்சலில் தொடங்குகிறது. அம்மடல் பிழைத்தால் பதிலே வராது. பதிலுக்குக் காத்திருந்தே ஓர் ஆண்டு போய்விடும்.

பெரும்பாலும் எழுதப்படும் மடல் இவ்வாறிருக்கும்: “பெருமதிப்பிற்குரிய ஐயா, நான் சிறுவயது முதலே கல்வியில் ஆர்வமுள்ளவள். ‘இலங்கை முஸ்லிம்களின் இஸ்லாமியக் கல்விப் பங்களிப்பு’ என்ற தலைப்பில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். தயவுசெய்து தங்கள் மாணவியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.” இதைப் பெறுபவர் ஒரு பெண்மணியாக இருந்தால் முதல் வரியிலேயே காரியம் கெட்டுவிடும். அதைவிடப் பெரிய குறை தலைப்பில் உள்ளது. அது ஆய்வுத் தலைப்பன்று, நூலகத்தில் ஒரு முழு அலுமாரி. எந்தக் காலம், எந்த நூல், என்ன கேள்வி என்பது ஒன்றும் அதில் இல்லை.

பேராசிரியை அம்மடலில் எதைத் தேடுகிறார் என்பதை அறிந்தால் எழுதுவது இலகுவாகும். ஒரு மாணவியை ஏற்பதென்றால் மூன்று, நான்கு ஆண்டுகள் அவளுடைய அத்தியாயங்களை வாசித்துத் திருத்த வேண்டும். ஆகவே, இவளிடம் உண்மையான ஒரு கேள்வி இருக்கிறதா, அதற்குரிய மூலங்களை இவளால் வாசிக்க முடியுமா, இது குறித்த காலத்தில் முடியுமா, இதை வழிநடத்த நான் பொருத்தமானவளா என்றே அவர் பார்ப்பார். ஆர்வமும் பணிவும் இந்தக் கேள்விகளுக்கு விடையாகா.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இஸ்லாமியக் கற்கையில் பட்டம் பெற்ற ஒரு பெண். அரபு படித்தவள். சிறுவயதில் உம்மும்மாவின் பாயில் இருந்து அரபுத் தமிழ் கிதாபை எழுத்துக் கூட்டி வாசித்தவள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் மேலதிகப் புள்ளிகளும் குறிகளும் இடப்பட்டிருக்கும். இன்று அதை வாசிக்கக் கூடியவர்கள் குறைவு. இந்தப் பிள்ளையோ அதை ஒரு தகைமையாகவே எண்ணாமல், மடலில் எழுதாது விட்டுவிடுவாள். அவளிடம் உள்ள விலைமதிப்புள்ள பொருளே அதுதான்.

இனி அந்த அலுமாரித் தலைப்பைச் சுருக்குவோம். இஸ்லாமியக் கல்வியில் அரபுத் தமிழ் நூல்கள். அவற்றுள் மார்க்கச் சட்ட நூல்கள். அவற்றுள்ளும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) எழுதிய ‘பத்ஹுத் தய்யான்’ என்று ஒன்றுக்கு வந்துவிடலாம். ஆனால் நூலின் பெயர் மட்டும் கேள்வியாகிவிடாது. அந்நூலிடம் எதைக் கேட்கப் போகிறாள்? நம் வீட்டுப் பேச்சிலேயே அது இருக்கிறது. ஸலாத்தை நாம் ‘தொழுகை’ என்கிறோம், ஸவ்மை ‘நோன்பு’ என்கிறோம். ஆனால் வுளூவும் ஸகாத்தும் ஹஜ்ஜும் அரபியாகவே நம் நாவில் நிற்கின்றன. ஏன் சில மட்டும் தமிழாயின? இதுவரை நம்மில் எத்தனை பேர் இதை யோசித்திருப்போம்!

அவள் எழுத வேண்டிய மடல் ஆங்கிலத்தில் அமையும். அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் தருகிறேன். தலைப்பு வரியில், “கலாநிதிப் பட்ட மேற்பார்வை: அரபுத் தமிழ்ச் சட்ட நூல்களில் மொழிபெயர்ப்பு” என்றிருக்கும். உள்ளே:

“அன்பின் பேராசிரியர் அவர்களுக்கு, நான் இலங்கையில் இஸ்லாமியக் கற்கையில் பட்டம் பெற்றவள். அடுத்த ஆண்டு தங்கள் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க உள்ளேன். 19 ஆம் நூற்றாண்டின் ‘பத்ஹுத் தய்யான்’ என்ற அரபுத் தமிழ் நூலில் எந்த அரபுச் சட்டச் சொற்கள் தமிழாக்கப்பட்டன, எவை அப்படியே விடப்பட்டன, அதில் ஓர் ஒழுங்கு உண்டா என்று ஆராய விரும்புகிறேன். தூய்மை, தொழுகை ஆகிய பகுதிகளோடு நிறுத்திக்கொள்வேன். அரபியும் தமிழும் அரபுத் தமிழ் எழுத்தும் நேரடியாக வாசிப்பேன். 2011இல் ரொனித் ரிச்சி வெளியிட்ட நூல், ‘ஆயிர மசலா’ போன்ற கேள்வி பதில் இலக்கியம் ஜாவா, மலாய், தமிழ் மொழிகளில் எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்று காட்டுகிறது. சட்ட நூலில், சொல் மாறினால் சட்டமும் மாறக்கூடும் என்ற அச்சம் இருந்திருக்குமோ என்பதே என் ஐயம். தாங்கள் இத்துறையில் எழுதி வருவதால் தங்களை அணுகுகிறேன். புதிய மாணவர்களை ஏற்கிறீர்களா? ஏற்பதாயின், இணைத்துள்ள இரண்டு பக்கக் குறிப்பைப் பார்த்து இது தங்கள் துறைக்குப் பொருந்துமா என்று கூற முடியுமா?”

இவ்வளவுதான். திரையில் ஒரே பார்வையில் வாசித்துவிடலாம். ரிச்சியின் நூலைப் பற்றிய இரு வரிகளைக் கவனியுங்கள். “தங்கள் நூல்கள் யாவும் அருமை” என்ற புகழ்ச்சி அங்கில்லை. ஒருவர் எதுவரை சொன்னார், தன் கேள்வி எங்கே தொடங்குகிறது என்பது இருக்கிறது. அப்புத்தகத்தை வாசிக்காதவள் அந்த வரியை எழுத முடியாது. வாசிக்காமல் எழுதினால் பேராசிரியையின் முதல் கேள்வியிலேயே பிடிபட்டுவிடுவாள். எனவே, யாருக்கு எழுதுகிறாளோ அவருடைய ஒரு கட்டுரையையேனும் முழுதாக வாசித்த பின்பே எழுத உட்கார வேண்டும். முடிவில் அவள் கேட்பதும் “ஏற்றுக்கொள்ளுங்கள்” என்றல்ல. இரு வரியில் பதில் எழுதக் கூடிய சிறிய கேள்வியையே கேட்கிறாள்.

ஸலாம் கூறித் தொடங்கலாமா என்று கேட்பீர்கள். பெறுபவர் முஸ்லிமென்றால் தாராளமாகக் கூறலாம். நீண்ட துஆக்களைக் கடிதத் தலைப்பில் அடுக்குவது மட்டும் வேண்டாம். விஷயம் கீழே போய்விடும்.

ஒரே மடலைப் பெயரை மட்டும் மாற்றி இருபது பேருக்கு அனுப்புவது இன்னொரு வழக்கம். வெட்டி ஒட்டிய பெயர் வேறு அளவிலோ வேறு நிறத்திலோ தெரியும். சில வேளை பழைய பெயரே நின்றுவிடும். ஒரே துறையில் இருவருக்கு ஒரே நாளில் எழுதினாலும் அவர்கள் தேநீர் வேளையில் பேசிக்கொள்வார்கள். ஒருவரின் பதில் வந்த பின் அடுத்தவருக்கு எழுதுவதே முறை.

இரண்டு, மூன்று வாரங்கள் பதில் இல்லையென்றால் அதே மடலின் கீழ் ஒரு வரியில் நினைவூட்டலாம். அதற்கும் மௌனமென்றால் வேறொருவரைத் தேட வேண்டியதுதான். வரும் பதில்களையும் வாசிக்கத் தெரிய வேண்டும். “இணையத்தில் விண்ணப்பியுங்கள், நல்வாழ்த்துகள்” என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் நாசூக்கான மறுப்பு. அமெரிக்காவில் மட்டும் இதை வேறு விதமாக எடுக்க வேண்டும். அங்கே கலாநிதி மாணவர்களைப் பெரும்பாலும் துறையின் குழுவே தெரிவு செய்வதால், பேராசிரியர் அவ்வளவுதான் சொல்ல முடியும். “நூலின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவீர்கள்? மூல அரபு நூல் எதுவென்று எப்படி அறிவீர்கள்?” என்று திருப்பிக் கேட்டால், பிள்ளை பயந்துவிடக் கூடாது. பேராசிரியை அந்த ஆய்வை ஏற்கனவே யோசிக்கத் தொடங்கிவிட்டார். தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை எங்கே தேடப் போகிறாள் என்பதையும் எழுதினால் போதும்.

“மேற்பார்வை செய்ய விருப்பம்” என்ற பதில் வந்ததும் வீட்டில் பயணப்பெட்டி வாங்கப் புறப்பட்டு விடாதீர்கள். அது அனுமதிக் கடிதமன்று. விண்ணப்பம், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, பரிந்துரைக் கடிதங்கள் யாவும் இனித்தான். புலமைப்பரிசில் வேறொரு குழுவின் கையில் இருக்கும். அதன் முடிவுத் திகதி பல இடங்களில் அனுமதி விண்ணப்பத்தின் திகதிக்கு மாதங்கள் முந்தியே வந்துவிடும். அந்தத் திகதியை முதலில் பார்த்து, அதிலிருந்து குறைந்தது நான்கு மாதங்கள் பின்னோக்கி எண்ணி, அன்றைக்கே அந்த முதல் மடலை அனுப்ப வேண்டும்.