கடைக்காரர் படுத்துவிட்டால்: வீட்டாருக்கு ஒரு குறிப்பேடு

நூல், ஜவுளிக் கடை நடத்தும் அங்கத்தினர் ஒருவர், பன்னிரண்டு தறிகளுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்குபவர், ஒரு நாள் காலையில் பக்கவாதம் கண்டு பேச்சிழந்தார். மறுநாளே அவர் மனைவியாரும் மகனும் கடையைத் திறந்தனர். பெட்டியில் பணம் இருந்தது. பேரேடும் ஒழுங்காகவே இருந்தது. ஆயினும் மூன்றாம் நாள் நெசவாளி ஒருவர் துணியுடன் வந்தபோது கணக்குத் தவறிவிட்டது.

அவருக்குக் கொடுத்த நூல் 10 கிலோ. வந்த துணியின் எடை 9 கிலோ 800 கிராம். குறைந்த 200 கிராமைச் சேதாரம் எனக் கொண்டு மகன் கணக்கை முடித்துவிட்டார். பாவில் ஏறிய கஞ்சியும் துணியோடு சேர்ந்து நிறுக்கப்படுகிறது என்பதை அவர் அறியார். இந்த ரகத்துக்குத் தந்தையார் கஞ்சிக்கென அரைக் கிலோ கழிப்பது வழக்கம். அவ்வாறு கழித்தால் வந்த நூல் 9 கிலோ 300 கிராமே. சேதாரம் போக அரைக் கிலோ நூல் நெசவாளியிடம் மீதி இருக்க வேண்டும். அவரும் அதை மறைத்தவர் அல்லர். அடுத்த பாவுக்கு ஆகுமென்று வைத்திருந்தார், கேட்டதும் சொன்னார். எல்லோரும் அவ்வாறு சொல்வார்களா என்பது வேறு விஷயம்!

ஆகவே குறிப்பேட்டில் முதலில் எழுத வேண்டியது, பேரேட்டில் இல்லாமல் கடைக்காரர் மனத்தில் மட்டும் இருப்பதேயாகும். தறிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நூலின் நம்பர், நிறம், கொடுத்த எடை, ரகவாரியாகக் கஞ்சிக் கழிவு, சேதாரம், உருப்படிக் கூலி, முன்பணம் ஆகியவற்றை எழுதுக. வாய்ச்சொல்லாக நிற்கும் கடன்களையும் ஆள், தொகை, தவணையுடன் சேர்த்துக்கொள்க. கஞ்சிக் கழிவு ரகத்துக்கு ரகம் மாறும்; ஒரு துண்டை நிறுத்து, கஞ்சி போகத் துவைத்து, நன்கு உலர்த்தி மறுபடி நிறுத்தால் அளவு தெரியும்.

அடுத்தது பணம். இந்த அங்கத்தினரின் வங்கிக் கணக்கு அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தது. கடை வாசலில் ஒட்டிய அட்டையைக் கைப்பேசியால் படம் பிடித்து வாடிக்கையாளர் செலுத்திய பணம் அதில் சேர்ந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமைக் கூலிக்கு ஒரு ரூபாயும் எடுக்க முடியவில்லை. கையெழுத்திட அவரால் ஆகவில்லை. உடல் நலமாக இருக்கும்போதே மனைவியையோ மகனையோ சேர்த்து, இருவரில் எவரும் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றியிருந்தால் இவ்விடர் நேர்ந்திராது. வாரிசு நியமனம் மட்டும் போதாது. கணக்குடையவர் உயிருடன் இருக்கையில் அதனால் பணம் எடுக்க இயலாது.

ஜி.எஸ்.டி. பதிவு உடையோர் தாக்கல் தேதிகளையும் கணக்கரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வைக்க வேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் தாக்கல் உண்டு. அதற்கான மறைக்குறி எண் பெரும்பாலும் நோயாளியின் கைப்பேசிக்கே வரும்; ஆகையால் அது எவரிடம் இருக்கும் என்பதையும் குறிப்பிடுக.

எழுதி முடித்தபின், ஒரு சந்தை நாளில் கடைக்காரர் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஏட்டை மட்டும் துணையாகக் கொண்டு கடை நடத்துமாறு வீட்டாரிடம் சொல்லிப் பார்க்கலாம். மாலைக்குள் எத்தனை முறை அவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டார்களோ, அத்தனை செய்திகள் ஏட்டில் விடுபட்டிருக்கின்றன.