பன்னிரண்டு அட்சரம், இரண்டு உலகம்

இந்துஸ்தானி இசையில் துருபத் எது, கயால் எது என்று காதுக்குப் பிடிபடவில்லையா? பாட்டைக் கொஞ்சம் விட்டுவிட்டுத் தாள வாத்தியக்காரரின் கைகளைக் கவனியுங்கள்.

நம் கல்யாணியின் உறவான யமன் ராகத்தையே எடுத்துக்கொள்வோம். துருபத் பாடுபவர் ஷட்ஜத்தில் தொடங்கி, முதலில் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி, பிறகு ஒவ்வொரு ஸ்வரமாக நின்று நின்று மேலே ஏறுவார். வார்த்தை கிடையாது, ‘ரி, ந, தோம்’ போன்ற அசைகள்தான். அரை மணி நேரமோ, ஒரு மணி நேரமோகூட ஆகலாம். பக்கவாஜ்காரர் அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பார். ஆலாபனையின் பிற்பகுதியில் தாளமில்லாமலே ஒரு துடிப்பு சேரும். அதை ‘ஜோட்’ என்பார்கள். நம் தானம் கேட்டுப் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடித்துவிடும்.

ராகத்தை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு வரும், பெரும்பாலும் 12 மாத்திரை சௌதாலில். இனி விளையாட்டு முழுவதும் லயத்தில். சாகித்யத்தை இரட்டிப்பு, மூன்று, நான்கு மடங்கு வேகங்களில் பாடகர் மடக்கிப் பாட, பக்கவாஜ்காரரும் கூடவே கற்பனையாக வாசிப்பார். இருவரும் ‘சம’த்தில் வந்து சேரும் இடம் அபாரமாக இருக்கும். ராகம் மறந்து வெறும் கணக்காகிவிடும் அபாயமும் இங்கேதான் இருக்கிறது.

கயாலில் இந்த வரிசையே கிடையாது. சில நிமிட ஆலாபனை முடிந்ததும் பந்திஷின் முதல் வரி வந்துவிடும், தபலாவும் சேர்ந்துகொள்ளும். விளம்ப ஏக்தாலுக்கும் அதே 12 மாத்திரைதான். ஆனால் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம்கூட ஆகலாம். தபலாக்காரர் போட்டியிடாமல் சொற்கட்டைச் சீராக வாசித்துக்கொண்டே போவார். துருபத்காரர் தாளத்துக்கு வெளியே செய்த ராக விரிவை, இவர் அந்த நீண்ட சுற்றுக்குள்ளேயே செய்கிறார். சுற்று முடியும் நேரம் பார்த்து ‘முக்டா’ என்கிற பல்லவித் துண்டைப் பிடித்து சமத்தில் இறக்குவார். அவசரமாகச் செருகியதா, இயல்பாக வந்து விழுந்ததா என்பது கேட்டாலே தெரியும். பிறகு காலம் கூடி, அகாரத்தில் தான்கள் பொழியும். துருபத்தில் அந்தத் தான்களுக்கு இடமில்லை. கனமான கமகமும் இழுப்பும்தான் அங்கே அழகு.

துருபத், குவாலியர் மன்னர் மான்சிங் தோமரின் அவையில் செழித்தது. கயாலுக்கு இன்றைய உருவம் தந்தவர்களில் முக்கியமானவர், 18ஆம் நூற்றாண்டில் முகம்மது ஷாவின் தில்லி அவையில் இருந்த சதாரங். அவரே துருபத் மரபில் வந்த வீணைக் கலைஞர். அந்த உறவு முற்றிலும் அறுந்துவிடவில்லை. ஆக்ரா கரானாவின் ஃபையாஸ்கான் கயாலுக்கு முன்னால் துருபத் பாணியிலேயே அசைகள் வைத்து ஆலாபனை செய்வார். தபலா வரும்வரை அவர் எதைப் பாடப்போகிறார் என்று சொல்வது கஷ்டம்.