590 ரூபாய்க்குள் ஒளிந்திருக்கும் 90

இருசக்கர வாகனக் கடன். மாதத் தவணை 4,860 ரூபாய். 5ஆம் தேதி வந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். ஒரு மாதம் சம்பளம் தள்ளிப்போகிறது. அன்று கணக்கில் 4,700 ரூபாய்தான் இருக்கிறது. குறைந்தது வெறும் 160 ரூபாய் என்றாலும் தவணை முழுதாகத் திரும்பிவிடும். இருக்கிற வரைக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இதில் கிடையாது. 20ஆம் தேதி சம்பளம் வந்ததும் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆப்பில் தவணையைக் கட்டியாயிற்று. பிறகு ஒருநாள் கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை எடுத்துப் பார்த்தால் புதிதாக இரண்டு வரிகள்: ‘பவுன்ஸ் சார்ஜ் 590.00’, ‘பீனல் சார்ஜ் 114.70’. ஆக 704 ரூபாய் 70 காசு.

விளக்குவதற்காக நான் போட்ட கணக்குதான் இது. ஆனாலும் தவணை திரும்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு 590 பழகிய எண்ணாக இருக்கும். 295, 354, 708 எல்லாமே அதன் பங்காளிகள். கட்டணம் என்று நிர்ணயிப்பவர்கள் பொதுவாக 250, 300, 500, 600 என்று முழு எண்ணாகத்தான் வைப்பார்கள். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏறும்போதுதான் இப்படி உடைந்த எண்கள் பிறக்கின்றன. ஸ்டேட்மெண்டில் வரியைத் தனியாகக் காட்டாவிட்டால், தொகையை 1.18ஆல் வகுத்துப் பாருங்கள். 590ஐ வகுத்தால் சரியாக 500 வரும். அப்படியானால் 90 ரூபாய் வரி. 114.70ஐ வகுத்தால் 97.20, மீதி 17.50 வரி.

இப்போது ஒப்பந்தத்தை எடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட அந்தத் தடித்த கட்டு முழுவதையும் படிக்கத் தேவையில்லை. அதன் கடைசியில் கட்டண அட்டவணை ஒன்று இருக்கும். 2024 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு வாங்கிய கடனாக இருந்தால் இன்னும் சுலபம்: ‘கே.எஃப்.எஸ்.’ என்கிற முக்கிய விவரத் தாளைக் கடன் கொடுப்பவர் தந்தே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். தவணை தாமதமானால் என்ன அபராதம் என்பதற்கு அதில் தனி இடம் உண்டு. அந்தத் தாளில் சொல்லாத கட்டணத்தை, நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் முடியாது. தாள் கையில் இல்லையென்றால் கம்பெனியிடமே நகல் கேட்கலாம்.

நம் உதாரணத்தின் ஒப்பந்தத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: தவணை திரும்பினால் ஒவ்வொரு முறைக்கும் 500 ரூபாய், கட்டத் தவறிய தொகைக்கு ஆண்டுக்கு 24 சதவீதம் அபராதம், தாமதமான நாட்களுக்கு, பொருந்தும் வரிகள் தனி.

முதல் வரி பொருந்துகிறது. 500தான் சொன்னார்கள், 500தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் எத்தனை முறை போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 5ஆம் தேதி திரும்பிய தவணையைச் சில கம்பெனிகள் ஓரிரு நாளில் மறுபடியும் வங்கிக்கு அனுப்பும். அதுவும் திரும்பினால் இன்னொரு 500. ‘ஒவ்வொரு முறைக்கும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் சண்டை போடுவது கடினம். ‘ஒவ்வொரு தவணைக்கும்’ என்று இருந்தால் இரண்டாவது 500க்கு இடமே இல்லை. வங்கி ஏன் திருப்பியது என்ற காரணத்தையும் கேளுங்கள். பணம் போதாமல் திரும்புவது வேறு. வங்கியில் பதிவு செய்த ஆணையில் கம்பெனி செய்த குளறுபடியால் திரும்புவது வேறு. இரண்டாவதற்கு நாம் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

இரண்டாவது வரியில்தான் வேலை இருக்கிறது. ஆண்டுக்கு 24 சதவீதம் என்றால் 4,860 ரூபாய்க்கு ஓராண்டு அபராதம் 1,166 ரூபாய் 40 காசு. அதை 365ஆல் வகுத்து, தாமதமான 15 நாளால் பெருக்கினால் 47 ரூபாய் 93 காசு. கம்பெனி போட்டதோ, வரி நீங்கலாக 97.20. இது எங்கிருந்து வந்தது? 4,860இல் 2 சதவீதம். அதாவது ஆண்டுக்கு 24 என்பதை மாதத்துக்கு 2 ஆக்கி, 15 நாளை முழு மாதமாக எண்ணிவிட்டார்கள். ‘மாதத்துக்கு 2 சதவீதம், மாதத்தின் பகுதியும் முழு மாதமாகவே கொள்ளப்படும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தக் கணக்கு ஒப்பந்தப்படி சரி. ‘நாட்களுக்கு’ என்று எழுதிவிட்டு மாதக் கணக்குப் போட்டால் தவறு. 49 ரூபாய் 27 காசு கூடுதல். சின்னத் தொகைதான். ஆனால் மென்பொருளில் ஒருமுறை இப்படி ஏற்றிவிட்டால், தவணை தவறும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் அதுவே போகும்.

இந்த இடத்தில் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி போட்ட விதியைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு முன்பு தவணை தவறினால் வட்டி விகிதத்தோடு கூடுதல் வட்டியைச் சேர்த்து, ‘அபராத வட்டி’ என்று போடுவார்கள். அது அசலோடு சேர்ந்து, வட்டிக்கு வட்டி குட்டி போட்டுக்கொண்டே போகும். அந்த முறை கூடாது, அபராதம் ‘அபராதக் கட்டணமாக’ மட்டுமே இருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்றது ரிசர்வ் வங்கி. தவறிய தொகைக்கு மட்டுமே அபராதம் உண்டு. பாக்கியிருக்கும் மொத்தக் கடனுக்கும் போட முடியாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இது நடைமுறை. பழைய கடன்களையும் அதே ஆண்டு ஜூன் 30க்குள் மாற்றச் சொன்னார்கள். தாமதமான நாட்களுக்கு வழக்கமான ஒப்பந்த வட்டி ஓடுவதை மட்டும் இந்த விதி தடுக்கவில்லை. கிரெடிட் கார்டுக்கு இந்த விதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர் மாறியதும் ஒரு விபரீதம் நடந்தது. வட்டிக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அபராத வட்டியும் வட்டிதான் என்று 2019லேயே விளக்கம் வந்திருந்தது. இப்போது அது ‘கட்டணம்’ ஆகிவிட்டதே, நிதிச் சேவைக் கட்டணத்துக்கு 18 சதவீத வரி உண்டே என்று சிலர் வரியைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கடன்காரரைக் காப்பாற்ற வந்த விதி, அவர் தலையிலேயே வரியை ஏற்றியது. 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் கூடிய 55ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் இதைத் தீர்த்து வைத்தது. அதன்படி மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஜனவரி 28 அன்று 245ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் வசூலிக்கும் அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. காரணம் எளிது: ஒப்பந்தத்தை மீறியதற்குத் தண்டனையாக வாங்கும் பணம் அது, எந்தச் சேவைக்கும் கொடுத்த விலை இல்லை.

ஆகவே நம் கணக்கின் 17.50 போக வேண்டும். ‘பொருந்தும் வரிகள் தனி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே’ என்று கால் சென்டரில் சொல்வார்கள். போட்டது உண்மைதான், பொருந்தும் வரி இருந்தால் கட்டலாம். சட்டத்தில் இல்லாத வரியை ஒப்பந்தத்தின் ஒரு வாக்கியம் உண்டாக்கிவிட முடியாது.

பவுன்ஸ் சார்ஜில் ஏறிய 90 ரூபாய் சற்றே சிக்கலானது. கே.எஃப்.எஸ். தாளில் அது அபராதக் கட்டணங்கள் என்ற தலைப்பின் கீழேயே இருந்தால் 245ஆம் சுற்றறிக்கை நேராகப் பொருந்தும் என்று வாதாடலாம். ‘இதர கட்டணம்’ என்று தனியே போட்டிருந்தால், இது அபராதம் இல்லை, நாங்கள் செய்த வேலைக்கான கூலி என்று கம்பெனி சொல்லக்கூடும். அதற்குப் பதில் 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதியிட்ட 178ஆம் சுற்றறிக்கையில் இருக்கிறது. காசோலை திரும்பியதற்காக விற்பவரோ வங்கியோ வாங்கும் அபராதம் எந்தச் சேவைக்கும் விலை ஆகாது, வரியும் கிடையாது என்கிறது அது. காசோலை என்றுதான் அதில் இருக்கிறது. தானியங்கிப் பிடித்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் தர்க்கம் ஒன்றேதான் என்பது என் கருத்து. நம் சொந்த வங்கி தன் பங்குக்குப் பிடிக்கும் 295க்கும் இதே வாதம் உண்டு. அது மட்டும் கடன் ஒப்பந்தத்தில் வராது. வங்கியின் கட்டணப் பட்டியலோடு ஒப்பிட வேண்டியது.

ஆக, ஒப்பந்தப்படியும் வரிச் சுற்றறிக்கைகளின்படியும் கட்ட வேண்டியது 500உம் 47.93உம் சேர்த்து 547 ரூபாய் 93 காசு. கூடுதலாகப் போனது 156 ரூபாய் 77 காசு.

இன்னும் ஒரு சங்கதி, பலர் கவனிக்காதது. அந்த 704.70ஐக் கட்டாமல் விட்டுவிட்டு, அடுத்த மாதத் தவணை மட்டும் ஒழுங்காகப் போகிறது என்று வையுங்கள். வந்த 4,860இல் கம்பெனி முதலில் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தவணையில் வரவு வைத்தால், தவணையில் 704.70 பாக்கி நிற்கும். அந்தப் பாக்கிக்கு மறுபடியும் அபராதம். கட்டணத்தின் மேல் வட்டி கூடாது என்ற விதி காகிதத்தில் அப்படியே இருக்கும். கணக்கில் மட்டும் சுற்று வழியாக உள்ளே வந்துவிடும். வரும் பணம் எந்த வரிசையில் வரவாகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்திலும் அபராத வரி தெரிந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் போக வேண்டும்.

கேட்பதென்றால் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் போதும். ஸ்டேட்மெண்டின் வரி, ஒப்பந்தத்தின் வரி, நாம் போட்ட கணக்கு மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று ரூபாய் காசோடு எழுதுங்கள். வரி பிடித்த ரசீதையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பெரும்பாலான வங்கிகள் இதில் அடங்கும். ஃபைனான்ஸ் கம்பெனிகளில் மிகச் சிறியவை சில அடங்கா. வெறும் ‘ஏமாற்றுகிறார்கள்’ என்று எழுதிய புகாரைவிட, 156.77 என்று எழுதிய புகாருக்குப் பதில் சொல்வதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

திருப்பினால் பெரும்பாலும் கையில் பணமாகத் தரமாட்டார்கள். கடன் கணக்கில் எதிர்ப்பதிவாக வரும். கட்டணமும் வரியும் தனித்தனியாகத் திரும்பியிருக்கின்றனவா என்று அடுத்த ஸ்டேட்மெண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காமல் விட்டவர்களுக்கு இது கடைசித் தவணை முடிந்து தடையில்லாச் சான்றுக்குப் போகும்போதுதான் தெரியவரும். மூன்று வருடத்து பவுன்ஸ் சார்ஜெல்லாம் ஒரே தொகையாகத் திரண்டு நிற்கும். அதைக் கட்டினால்தான் ஆர்.சி. புத்தகத்திலிருந்து கம்பெனியின் பெயரை நீக்கும் காகிதம் வரும் என்பார்கள். அப்போதும் பிரித்துக் காட்டிய விவரத்தைக் கேட்டு, ஒவ்வொரு எண்ணையும் 1.18ஆல் வகுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுங்கள்.