ஒரு படக்குறிப்பும் பத்துக் கிராம் சங்கிலியும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சிராங்கூன் சாலை நெடுகிலும் நகைக்கடைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று புதிய கிளையைத் திறந்தால், கடை முகப்பின் படம் சமூக ஊடகத்தில் வெளியாகும். படத்தின் கீழ்ச் சில வரிகள் இருக்கும். அவையே படக்குறிப்பு. பிள்ளையின் திருமணத்திற்காகப் பல மாதங்கள் பணம் சேர்த்த குடும்பம், எந்தக் கடைக்குச் செல்வது என்பதை அந்தச் சில வரிகளைப் படித்தே முடிவு செய்வதுண்டு. ஆகவே, வாடிக்கையாளர் கடைக்குள் நுழையும் முன்பே, தாம் கொடுக்க வேண்டிய தொகையை ஏறத்தாழக் கணக்கிட அவ்வரிகள் உதவ வேண்டும்.

முதலில் இடமும் நேரமும் தெளிவாக இருக்க வேண்டும். “தேக்கா அருகில்” என்று மட்டும் எழுதினால் போதாது. கட்டட எண், சாலைப் பெயர், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஆகியவை தேவை. கடை, கடைத்தொகுதிக்குள் இருந்தால் மாடியையும் கடை எண்ணையும் குறிப்பிட வேண்டும். #02-15 என்பது இரண்டாம் தளத்தில் உள்ள 15ஆம் எண் கடையைக் குறிக்கும். பழைய கிளையும் புதிய கிளையும் வெவ்வேறு நேரங்களில் மூடப்படலாம். எனவே, “வழக்கமான நேரம்” என்று எழுதாமல், புதிய கிளையின் திறப்பு நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமை நேரத்தையும் தனித்தனியே எழுதுவது நல்லது.

அடுத்தது தங்கத்தின் தரம். தூய தங்கம் 24 காரட் எனப்படும். அது மிகவும் மென்மையானது, எளிதில் வளைந்துவிடும். அதனால், நகை செய்யும்போது செம்பு, வெள்ளி போன்ற உலோகங்களைச் சிறிதளவு சேர்க்கின்றனர். 24 பங்கில் 22 பங்கு தங்கமாக இருந்தால் அது 22 காரட் நகை. விழுக்காட்டில் சொன்னால், ஏறத்தாழ 91.6. நகையில் பொறிக்கப்படும் 916 என்னும் எண் இதையே காட்டுகிறது. சங்கிலியில் இந்த எண் பெரும்பாலும் கொக்கியின் அருகே சிறிய எழுத்தில் இருக்கும்.

சில விளம்பரங்களில் “100 விழுக்காடு தூய 22 காரட் தங்கம்” என்ற தொடரைக் காணலாம். கேட்பதற்கு நன்றாக இருந்தாலும் அத்தொடர் தெளிவற்றது. 22 காரட் நகையில் எட்டு விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாக வேறு உலோகம் இருக்கும். “22 காரட், 916” என்று எழுதுவதே சரி. சிங்கப்பூரில் நகைகளுக்குத் தரமுத்திரை கட்டாயமில்லை. ஆகவே, நகையை வெளியே சோதித்துத் தரமுத்திரை பெற்றிருந்தால், கடை அதைக் குறிப்பிடலாம். பெறாவிட்டால், பெற்றதுபோல் எழுதக்கூடாது.

வாடிக்கையாளர்களை அதிகம் குழப்புவது செய்கூலியும் சேதாரமும்தான். செய்கூலி என்பது நகையைச் செய்வதற்கான கூலி. தங்கத்தை வெட்டும்போதும் அராவும்போதும் மெருகூட்டும்போதும் சிறிதளவு துகள்களாகச் சிதறும். அந்த இழப்புக்காக வாங்கப்படும் தொகை சேதாரம். அது பொதுவாக நகையின் எடையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்படும்.

இரண்டு கடைகளின் படக்குறிப்புகளை ஒப்பிட்டால் இது விளங்கும். முதல் கடை, “செய்கூலி இல்லை! சேதாரம் இல்லை! ஒரு கிராம் 180 வெள்ளி” என்று அறிவிக்கிறது. இரண்டாம் கடை, “ஒரு கிராம் 160 வெள்ளி; சங்கிலிக்குச் சேதாரம் 5 விழுக்காடு; செய்கூலி 60 வெள்ளி” என்று அறிவிக்கிறது. இவை கணக்கை எளிதாக்க எடுத்துக்கொண்ட எண்கள். இரண்டிலும் பொருள் சேவை வரி அடங்கியுள்ளது என்று கொள்ளலாம்.

ஒருவர் 10 கிராம் சங்கிலி வாங்க விரும்புகிறார். முதல் கடையில் அதன் விலை 1,800 வெள்ளி. இரண்டாம் கடையில் 10 கிராமுக்கு 5 விழுக்காடு சேதாரம் அரை கிராம். எனவே, பத்தரைக் கிராமுக்கு விலை போட வேண்டும். அது 1,680 வெள்ளி. செய்கூலி 60 வெள்ளியைச் சேர்த்தால் 1,740 வெள்ளி. “இல்லை, இல்லை” என்று அறிவித்த கடையில்தான் 60 வெள்ளி கூடுதலாகிறது. செய்கூலியும் சேதாரமும் கிராம் விலைக்குள்ளேயே மறைந்திருந்ததே அதற்குக் காரணம்.

“முதல்” என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். “சேதாரம் 5 விழுக்காடு முதல்” என்றால், 5 என்பது மிகக் குறைந்த அளவு மட்டுமே. நுணுக்கமான வேலைப்பாடுள்ள கழுத்தணிக்கு அது 12 விழுக்காடாக இருக்கலாம். “5 முதல் 12 விழுக்காடு வரை” என்று எழுதும் கடை இரண்டு எல்லைகளையும் காட்டிவிடுகிறது.

கல் பதித்த நகைக்கு மேலும் ஒரு விவரம் தேவை. மொத்த எடை 10 கிராம். அதில் கற்களின் எடை ஒரு கிராம் என்றால், தங்கம் 9 கிராம்தான். கல்லின் எடைக்கும் தங்கத்தின் விலையைப் போட்டால், வாடிக்கையாளர் 160 வெள்ளி கூடுதலாகக் கொடுக்க நேரிடும். கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்திற்கு விலை போட வேண்டும். கல்லுக்கு உரிய விலையைத் தனியாகக் காட்ட வேண்டும்.

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடாக உள்ளது. பொதுமக்களுக்குக் காட்டப்படும் விலையில் இவ்வரியும் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. தங்கத்தின் விலையோ நாள்தோறும் மாறக்கூடியது. எனவே, படக்குறிப்பில் கிராம் விலையை எழுதினால் அது எந்த நாளின் விலை என்பதையும் எழுத வேண்டும்.

இவ்விவரங்கள் அனைத்தும் இருந்தாலும் படக்குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. முழு முகவரிக்குக் கீழே பின்வருமாறு எழுதலாம்:

“எங்கள் புதிய கிளை சிராங்கூன் சாலையில் திறக்கப்பட்டுள்ளது. திங்கள் முதல் சனி வரை: காலை 10.30 – இரவு 9.00. ஞாயிறு: காலை 10.30 – மாலை 6.00. எல்லாத் தங்க நகைகளும் 22 காரட், 916. சங்கிலி: சேதாரம் 5 விழுக்காடு, செய்கூலி 60 வெள்ளி. கழுத்தணி: சேதாரம் 5 முதல் 12 விழுக்காடு வரை, செய்கூலி 60 முதல் 150 வெள்ளி வரை. கல்லின் எடை கழிக்கப்படும். விலைகளில் பொருள் சேவை வரி அடங்கும். பழைய நகையைத் திரும்பக் கொடுக்கும்போது செய்கூலியும் சேதாரமும் திருப்பித் தரப்படமாட்டா.”

கடைசி வரி விற்பனைக்கு உதவாது என்று கடைக்காரர் நினைக்கலாம். ஆனால், நகையை விற்கும் நாளில்தான் பலர் இந்த உண்மையை அறிந்து ஏமாற்றம் அடைகின்றனர். வாங்கும் முன்பே தெரிந்தால், அவர்கள் எளிய வேலைப்பாடுள்ள நகையைத் தேர்ந்தெடுக்கக்கூடும்.

பணம் செலுத்தும்போது ரசீதைப் படக்குறிப்புடன் ஒப்பிட வேண்டும். எடை, தரம், கிராம் விலை, சேதாரம், செய்கூலி ஆகியவை ரசீதில் தனித்தனியே இருக்க வேண்டும். ஏதேனும் மாறுபட்டால், கைப்பேசியில் சேமித்துவைத்த படக்குறிப்பைக் காட்டி விளக்கம் கேட்கலாம். கடை உரிய பதில் தராவிட்டால், அந்த இரண்டையும் கொண்டு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.